சொல்லக்கூடாத எரிச்சல்

நான் கொத்தனார். வலியைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நாள் முழுக்கச் செங்கல் அடுக்கினால் சாயங்காலம் தோளில் வருவது உளைச்சல். அது ஆழத்தில் கிடந்து கனக்கும், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் கண் சொக்கும். ஆணி ஏறினால் குத்தும், அதை எடுத்தால் தீர்ந்தது. ஈர சிமெண்டில் கை வெந்தால் எரியும், தோல் உரிந்து புதுத்தோல் வந்ததும் போய்விடும். எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். என் இடது நெஞ்சில் வந்ததற்குத்தான் காரணமும் இல்லை, சொல்லிக்கொள்ள வார்த்தையும் இல்லை. வார்த்தை இருந்தது. அதை என் பெண்டாட்டி பிடித்து வைத்துக்கொண்டாள்.

பேச்சியை நான் கட்டியது ஐம்பதைத் தொட்ட வயதில். தங்கைகளைக் கரையேற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தலை நரைத்திருந்தது. அவளும் முதல் புருஷனை இழந்து, என்னைப்போல மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தவள். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். மணக்காட்டில் ஓடு போட்ட ஒற்றை அறை பிடித்தோம். வேலை முடிந்து வந்து பாயில் சாய்ந்தால், அவள் என் இடது நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு அன்றைய ஓட்டல் கதையெல்லாம் சொல்லுவாள். பாதிக் கதையில் தூங்கிப்போவாள். அந்தத் தலையின் கனத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உழைத்தேனோ என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஆவணியில் ஒரு நாள் சிமெண்டு மூட்டையைத் தூக்கி இறக்கினேன். சாயங்காலமே இடது விலாவில் பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். நாலைந்து நாளில் முதுகிலிருந்து மார்புவரை ஒரே பக்கமாக, பெல்ட் கட்டினதுபோல நீர்க்கொப்புளம் கிளம்பியது. எங்கள் ஊரில் இதை அக்கி என்பார்கள், கொப்புளத்தின்மேல் காவி குழைத்து எழுதுவார்கள். பேச்சி அதைப் பார்த்ததும் கும்பிட்டாள். முத்தாரம்மன் முத்துப் போட்டிருக்கிறாள் என்றாள். அக்கி வேறு, அம்மை வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

அவளுடைய தம்பி சின்னப் பிள்ளையில் அம்மை கண்டு "எரியுது எரியுது" என்று அழுதே போய்ச் சேர்ந்தவன். அவன் அப்படிச் சொன்னதால்தான் ஆத்தாள் கோபித்துக்கொண்டாள் என்று அவளுடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதனால் அவர்கள் வீட்டில் முத்துக் கண்டவர்கள் அந்தச் சொல்லை வாயால் எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் குளுந்திருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்ப் பால்குடம் எடுத்த பிறகுதான் வாய் திறக்கலாம். கொடை சித்திரையில். பேச்சி என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்போது எனக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. ஏற்கெனவே சிமெண்டு தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த உடம்பில் அந்தத் தழும்பும் கலந்துபோயிற்று. வலி மட்டும் போகவில்லை. தோலுக்குக் கீழே யாரோ அடுப்பை மூட்டிவிட்டுப் போன மாதிரி சதா எரிந்தது. நடுநடுவே, நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, சுரீர் என்று கரண்டு அடித்த மாதிரி ஒரு வெட்டு வரும். சட்டை பட்டால் தாங்காது, ஃபேன் காற்று பட்டால் தாங்காது. வேடிக்கை என்னவென்றால், அதே இடத்தைக் கிள்ளினால் மரத்துக் கிடக்கும்.

பேச்சி கேட்டால் உளைச்சல் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? உளைச்சல் என்றதும் அவள் எண்ணெயைச் சூடு காட்டி எடுத்துக்கொண்டு வந்து தேய்க்க உட்கார்ந்தாள். அவள் விரல் பட்டதும் நான் கையைத் தட்டிவிட்டேன். அன்று தட்டினது ஒரு தடவை அல்ல. அப்புறம் அவள் நெஞ்சில் தலை வைக்க வரும்போதெல்லாம் என்னை அறியாமல் சுவர்ப்பக்கம் ஒதுங்கினேன். உளைச்சல்காரன் பிடித்துவிடச் சொல்லிக் கெஞ்சுவான், இந்த மனுஷன் தொட்டாலே விலகுகிறானே என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. தன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஓட்டல் கதைகளும் நின்றுபோயின. ஒரு முழம் தூரத்தில் படுத்திருக்கும் பெண்டாட்டிக்காக ஏங்கினவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து கிளினிக்கில் வலி மாத்திரை தந்தார்கள். விலாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதே தவிர நெஞ்சைத் தொடவில்லை. கண்டிராக்டர் பகவதிப்பெருமாள்தான், பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஓ.பி. இருக்கிறது, அங்கே போய்க் காட்டு என்று விரட்டினார். பேச்சியும் கூட வந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் பத்மஜா, ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துப் பெண். மற்றவர்களிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர், எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர்கள் வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். எங்கே வலி என்பதைவிட எப்படி வலி என்பதைத்தான் அதிகம் கேட்டார். நான் மூட்டை தூக்கின கதையைச் சொன்னேன், உளைச்சல் என்றேன். அதைச் சொல்லப்போனால் அந்தச் சொல்லும் வாயில் வந்துவிடும் என்று, கொப்புளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் சட்டைக்கு மேலேயே விலாவை அமுக்கினார், நான் துள்ளினேன். தசையும் விலாவும் சேர்ந்த அடிபட்ட வலி என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாத்திரையை மாற்றி எழுதினார், ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அந்த ஒத்தடம் இருக்கிறதே, அதை நான் என் எதிரிக்குக்கூட எழுதித் தர மாட்டேன்.

மறுபடி போனபோது கார்த்திகை பிறந்திருந்தது. கொஞ்சமும் குறையவில்லை என்றேன். பத்மஜா பேனாவை மூடி வைத்துவிட்டார். உளைச்சலாக இருந்தால் இந்த மருந்துக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று கனக்க வேண்டும், அசைந்தால் கூட வேண்டும், ஓய்வில் குறைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் ஒத்துவரவில்லை. இருமினால் குத்துகிறதா என்றார். இல்லை. சும்மா இருக்கும்போது குத்துகிறதா என்றார். ஆமாம். அவர் என் கையைப் பார்த்தார். எனக்கே தெரியாமல் இரண்டு விரலால் சட்டையை நெஞ்சில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எரியறதா?" என்றார்.

அந்தக் கேள்விக்காக நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. பேச்சி பக்கத்தில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலையில் கை வைத்துக் கொடுத்த சத்தியம். எனக்கு ஒன்றென்றால் பரவாயில்லை, அவளுக்கு ஒன்று வந்தால்?

"இல்ல டாக்டரம்மா. குளுமையாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். வலிக்கிறது என்று வந்தவர் யாரும் குளுமை என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கோபப்படவில்லை. இப்படியே போனால் அடிபட்ட வலிக்கு இன்னும் பலமான மருந்து, விலாவில் ஊசி என்று தப்பான வழியிலேயே போய்க்கொண்டிருப்போம் என்றார். பிறகு குரலைத் தணித்துக் கடைசியாக ஒன்று கேட்டார். "யாராவது லேசாத் தொட்டா? பஞ்சு மாதிரி, பூ மாதிரி பட்டா?"

அதற்குச் சத்தியம் ஒன்றும் இல்லை. "இவ தலை வைப்பா டாக்டரம்மா, இங்க" என்று நெஞ்சைக் காட்டினேன். "இப்ப வைக்க விடமுடியல. மத்த எதுன்னாலும் பொறுத்துக்கிடுவேன். இதத்தான் பொறுக்க முடியல."

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். பாயைத் தள்ளிப் போட்ட அத்தனை நாளையும் அவள் அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். சுருட்டின முந்தானையை விட்டுவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எரியுது டாக்டரம்மா" என்றாள். "இவுக சொல்ல மாட்டாக. நாந்தான் சத்தியம் வாங்கிருக்கேன். ஆவணியில முத்துப் போட்டுது, அதுலேருந்து எரியுது. ராத்திரி ஈரத்துணியத் தேடுவாக, நான் பாத்திருக்கேன். நான் சொல்லியாச்சு. ஆத்தா கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்."

பத்மஜா உடனே சட்டையைக் கழற்றச் சொன்னார். வெளிச்சத்தில் நிறுத்தி, சிமெண்டுப் புள்ளிகளுக்கு நடுவே முதுகிலிருந்து மார்புவரை ஓடின தழும்பை விரலால் தொடாமல் காற்றிலேயே வரைந்து காட்டினார். பஞ்சை எடுத்து லேசாக இழுத்தார். தழும்புப் பட்டையின்மேல் வந்ததும் நான் பல்லைக் கடித்தேன். அதே இடத்தில் ஊசிமுனையால் தொட்டபோது பாதிதான் தெரிந்தது. வலது பக்கம் இரண்டுமே சாதாரணமாக இருந்தன.

அக்கி ஆறிவிட்டது, அது போன வழியில் நரம்பைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார். என் தொழிலை விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்ததால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "சுவர்ல பழுது இல்லை. உள்ள போற ஒயர்லதான் பழுது. நாம இத்தனை நாளா சுவருக்குப் பூசிண்டிருந்தோம்."

ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். பெரிய அளவில் மனச்சோர்வுக்குக் கொடுப்பது, மருந்துக்கடைக்காரன் ஒரு மாதிரி பார்ப்பான், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். சிறிய அளவில் அது நரம்பு வலியைத் தணிக்குமாம். நாக்கு வறளும், காலையில் மந்தமாக இருக்கும், அந்த மந்தம் போகும்வரை சாரத்தில் ஏறக் கூடாது. இன்றைக்குப் போட்டு நாளைக்குப் போகிற வலி இல்லை, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும், முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, குறையும் என்றார். பிறகு பேச்சியிடம், ஆத்தாளுக்குப் பால்குடம் தாராளமாக எடுங்கள், எங்கள் ஆத்திலும் அம்மை போட்டால் அப்படித்தான் பேசுவோம், ஆனால் டாக்டரிடம் சொன்னதை எந்தத் தெய்வமும் குற்றமாக எடுத்துக்கொள்ளாது என்றார். பேச்சி தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

திரும்புகிற வழியில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்.டி.டி. பூத்தில் ஊருக்குப் பேசினாள். தன் பெயரில் இன்னொரு பால்குடம் சொல்லி வைத்தாள்.

கடைக்காரன் ஒரு மாதிரிதான் பார்த்தான். நாக்கு வறண்டது, காலையில் தலை சுற்றியது. கீழே நின்று பூச்சு வேலை மட்டும் பார்த்தேன். முதலில் நின்றது அந்தக் கரண்டு வெட்டு. பிறகு சட்டையைத் தூக்கிப் பிடிக்காமல் நடக்கிறேன் என்பதை ஒரு நாள் பேச்சிதான் கவனித்துச் சொன்னாள். எரிச்சல் தணிந்தது, ஆனால் அணையவில்லை. அவளுடைய பாய் ஒவ்வொரு அங்குலமாக என் பக்கம் வந்தது. தானாக நகர்ந்த மாதிரி இரண்டு பேருமே பாவனை செய்தோம்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தேன். பேச்சி ஓட்டலில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனையோ மாதம் கழித்து ஒரு கதை. சொல்லிக்கொண்டே உள்ளங்கையைச் சட்டைமேல் வைத்தாள். நான் அசையவில்லை. பிறகு மெதுவாக, குடத்தை இறக்கி வைக்கிற பதத்தில், தலையை வைத்தாள். கதை நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எரியுதா?" என்று கேட்டாள். கொடைக்கு இன்னும் நாள் கிடந்தது. அந்தச் சொல்லை அவளே கேட்டாள்.

குளுந்திருக்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"கொஞ்சம் எரியுது" என்றேன். அவள் தலை எழும்பப் பார்த்தது. நான் கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். "எடுக்காத. கதையச் சொல்லு."