மேற்கண்ட வாளிகள்

கோலாலம்பூர்ச் சாமான் கடையின் விலைப்பட்டியலில் இருபத்திரண்டு பக்கங்கள். நான் தட்டச்சு செய்து முடித்தபோது அது அறுநூற்று நாற்பது வரிகளாகி இருந்தது. தாள்களை ஒட்டிச் சுருளாக்கி, கிள்ளானில் எங்கள் அலுவலகத்து முன்னால், கடை வரிசையை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் விரித்தோம். மூன்று கடைகளைத் தாண்டிப் போயிற்று. வழியில் வந்த மாடு ஒன்று முந்நூறாவது வரி வரை நின்று படித்தது. எதையும் தின்னவில்லை. பிழை இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில். ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. ஏழு தோட்டங்களுக்குச் சாமான் வாங்கித் தரும் அலுவலகம் எங்களுடையது. நான் டைப்பிஸ்ட். கொள்முதல் குமாஸ்தா சபாபதி, பதவிக்கு வந்து நான்கே மாதம். அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்த தம்புசாமி, எல்லா விலையையும் தலையில் வைத்திருந்தார். ஓய்வு பெற்று நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியபோது தலையையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

சபாபதி எழுதி அனுப்பிய இரண்டு ஆர்டர்களின் தொகையும், கோலாலம்பூர் கடை அனுப்பிய பில்லும் ஒத்துப்போகவில்லை. துரை கூப்பிட்டுச் சொன்னார்: மூன்றாவது தடவையும் இப்படியானால் பழையபடி மேரு தோட்டத்துக்கே போகலாம். மேருவில் சபாபதி செக்ரோல் என்னும் ஆள் பதிவேடு எழுதியவன். விடியற்காலை நாலரை மணிக்குப் பிரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ண வேண்டும். அவனுக்கு விடியற்காலை என்றாலே இருமல்.

"கபிரியேலு, இந்தப் புஸ்தகத்தப் பிரிச்சுப் போடுய்யா. வாளி வாங்கணும்னா நாலு பக்கம் முன்னாடியும் பின்னாடியும் ஓட வேண்டியிருக்கு" என்றான்.

அவன் சொன்னது நியாயம். கடைக்காரன் பட்டியலை வீடு கட்டுவதுபோல் கட்டியிருந்தான். 'வாளிகள்' என்று பெரிய தலைப்பு. அதற்குள் 'கிணற்று வாளிகள்', ரப்பர் பால் சுமக்கும் 'பால் வாளிகள்' என்று இரண்டு அறைகள். பால் வாளிக்குள் 'துத்தநாகம் பூசியது', 'எனாமல்' என்று இரண்டு அலமாரிகள். அதற்குள் போனால் 'மூன்று காலன், டஜன் 9.60' என்று ஒரு வரி தனியாக உட்கார்ந்திருக்கும். என்ன வாளி என்று அதைக் கேட்டால் தெரியாது.

நான் ஒவ்வொரு வரியிலும் எல்லாவற்றையும் அடித்தேன். பொருள், வகை, பூச்சு, அளவு, எத்தனைக்கு விலை, பட்டியல் விலை, தள்ளுபடி, கழித்த விலை, புத்தகத்தில் எந்தப் பக்கம்.

"ஏன்யா வாளி வாளின்னு முப்பது தடவ அடிக்கிற? கீழ ரெண்டு புள்ளி வச்சா போதாதா? ரிப்பன் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

நான் கத்தரிக்கோலை எடுத்து இருநூற்றுப் பதினெட்டாம் வரியை மட்டும் வெட்டி அவன் கையில் கொடுத்தேன். "இத ஸ்டோருக்குக் கொண்டு போ. அங்க உள்ளவனுக்குப் புரியுதான்னு பாரு."

புரிந்தது. வந்து ஒட்டினான். அதன்பிறகு ரிப்பனைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் தள்ளுபடிக் கட்டத்துக்கு வந்தபோது இயந்திரம் நின்றது. எனாமல் வாளிகளின் கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'மேற்கண்டவற்றுக்கு 20 சதவீதம் தள்ளுபடி.'

மேலே என்றால் எவ்வளவு மேலே?

"ரெண்டு தடவ நிறையக் கழிச்சு மாட்டிக்கிட்டேன். எனாமலுக்கு மட்டும்தான். அதுக்குக் கீழதானே போட்டிருக்கான்" என்றான் சபாபதி.

"அப்படின்னா 'எனாமலுக்கு'ன்னு எழுதியிருப்பானே? பால் வாளி எல்லாத்துக்கும்தான்."

"அப்ப கிணத்து வாளி? அதுவும் மேலதானே இருக்கு? இன்னும் மேல போனா அட்டைப் படம், அதுக்கும் மேல கூரை, ஓடு, புறா."

அன்று முழுவதும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். துரை வந்து, கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சபாபதிக்கு ஒன்று தோன்றியது. அதே விலைப்பட்டியல் போன வருடமும் நடப்பில் இருந்தது. கடைக்காரன் வாய் திறந்து சொல்லாததை அவன் பில் சொல்லும் அல்லவா? பழைய பில் கட்டை அவிழ்த்தோம்.

பன்னிரண்டு டஜன் பால் வாளி, துத்தநாகம், மூன்று காலன். பட்டியல் விலைக்கு 115.20 வெள்ளி, அதாவது மலாயா டாலர். பில்லில் இருந்ததோ 87.55.

சபாபதி பென்சிலைக் கடித்தான். இருபது சதவீதம் கழித்தால் 92.16. அட்டையின் பின்பக்கத்தில் இன்னொரு குறிப்பு: எந்தச் சாமானும் பத்து டஜனும் அதற்கு மேலும் வாங்கினால் மேற்கொண்டு ஐந்து சதவீதம். மீதித் தொகையான 92.16இல் ஐந்து சதவீதம் கழித்தால் 87.55.

"அட! முத ஆர்டர்ல இதே பன்னண்டு டஜனுக்கு நான் இருபதையும் அஞ்சையும் கூட்டி இருபத்தஞ்சாக் கழிச்சேன். 86.40 வந்துச்சு" என்றான். அவன் முதல் ஆர்டரைக் கவிழ்த்தது அதுதான். எனாமலுக்குக் கீழே இருந்த குறிப்பு துத்தநாகம் வரைக்கும் ஏறுகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

இன்னொரு பில்: கிணற்று வாளி நான்கு டஜன், டஜன் 7.50. பில்லில் முப்பது வெள்ளி, சுளையாக. அங்கே தள்ளுபடி இல்லை. இரண்டாவது ஆர்டரில் அதற்கும் இருபதைக் கழித்திருந்தான்.

ஆக, 'மேற்கண்டவை' பால் வாளி அறையின் வாசல் வரை ஏறி, அங்கே நின்றுவிடுகிறது. மற்றக் குறிப்புகளையும் இப்படியே பில்லில் உரசிப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினேன். பத்து டஜனும் அதற்கு மேலும் வாங்கும் விலைக்குத் தனிக் கட்டம் போட்டு, துத்தநாகப் பால் வாளிக்கு டஜன் 7.296 என்று அடித்தேன்.

"சென்டுக்குக் கீழ காசு ஏது? 7.30ன்னு போடு."

"போட்டா பன்னண்டு டஜனுக்கு 87.60 வரும். அஞ்சு காசுக்கு உன்ன மேருவுக்கு அனுப்பிடுவாரு."

அவன் இருமினான். மூன்று தசமமும் நின்றது.

அரையாண்டு ஆர்டர் தபாலில் போயிற்று. பத்தாம் நாள் பில் வந்தது. சபாபதி அதைப் பிரிக்கவில்லை. துரையிடம் நேரே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றான். துரை ஆர்டர் நகலையும் பில்லையும் பக்கத்தில் வைத்து, கீழ்த்தொகையிலிருந்து மேலே போனார். ஒரு காசு பிசகவில்லை. "சரி, உட்கார்" என்றார். அவர் தன் நாற்காலியைச் சொல்லவில்லை, தம்புசாமியின் பழைய நாற்காலியைத்தான் சொன்னார் என்பது சபாபதிக்குப் புரியச் சற்று நேரமானது.

கதை இங்கே முடிந்திருக்கும். மறு வாரம் கோலாலம்பூர் ரயிலில் அந்தக் கடையின் பில் குமாஸ்தா கார்த்திகேசு வந்திறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர்; குடையும் கோட்டும்.

"உங்களிட்டை ஒரு அட்டவணை இருக்காம். ஒரு பிரதி தருவியளோ?"

"உங்க விலைப்பட்டியல்தானே அண்ணே அது? உங்க கிட்ட இல்லாததா?" என்றான் சபாபதி.

"பட்டியல் இருக்கு. 'மேற்கண்டவை' எதுவரைக்கும் எண்டுதான் எங்களுக்கும் விளங்கேல்லை. அச்சடிச்ச துரை சீமைக்குப் போயிட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப போன வருஷம் எப்படிப் பில் போட்டீங்க?"

"தம்புசாமியார் ஓடரிலை என்ன கழிச்சு எழுதி அனுப்புவாரோ, அதையே நாங்களும் போட்டனாங்கள். அவர் பத்தொன்பது வருஷத்து ஆள். அவருக்குத் தெரியாமல் போகுமோ?"

சபாபதி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். நாங்கள் அவர்கள் பில்லைப் பார்த்து விதியைக் கண்டுபிடித்தோம். அவர்கள் எங்கள் ஆர்டரைப் பார்த்து விதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுவில் இருந்தவர் நாகப்பட்டினத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான் வந்தாப்புறம் மட்டும் ஏன் மாத்திப் போட்டீங்க?" என்றான் சபாபதி.

"புதுக் கையெழுத்து. சந்தேகம் வந்திட்டுது. பழைய பில்லை எடுத்துப் பாத்துத் திருத்தினனாங்கள்."

"பிரதி நாளைக்கு ரெடியா இருக்கும் அண்ணே. ஒரு வரி மட்டும் சரி பாக்க வேண்டியிருக்கு" என்றான் சபாபதி.

கார்த்திகேசு தேத்தண்ணி குடிக்க எழுந்து போனதும், அவன் சுருளை இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு உருட்டினான். கிணற்று வாளி, தள்ளுபடி: இல்லை.

"கபிரியேலு, கிணத்து வாளியும் மேலதானே இருக்கு?"

நான் 'இல்லை'யை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, 20 என்று அடித்தேன். மறுநாள் கார்த்திகேசு பிரதியை வாங்கி, கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லிக் கொண்டுபோனார். அன்றிலிருந்து கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கிணற்று வாளி டஜன் ஆறு வெள்ளி.