பாலம் விழுந்தால் கைதட்டு

பரீட்சை என்றாலே இசைவாணிக்கு வயிறு வலிக்கும். ஆறாம் வகுப்பு, படிப்பில் படுசுட்டி. ஒரு கணக்கு தப்பினால் போதும், தாள் கிழியும்வரை அழிப்பாள், பிறகு அடுத்த கணக்கைத் தொடமாட்டாள். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஓட்டலில் வேலை செய்யும் அவள் அம்மா லூர்துமேரி ஒருநாள் என்னிடம் வந்தாள். "தெரியாத கேள்வி வந்துட்டா என்னா பண்றதுன்னு, ஸ்கூலுக்கே போவமாட்டேன்றா மிஸ்" என்று அழுதாள். எனக்குப் பகீரென்றது.

அதனால்தான் இந்தப் பாலம் விளையாட்டைக் கொண்டுவந்தேன். இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஒரே ஒரு தாள், அதன்மேல் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பாலம் விழுந்தால் வகுப்பே கைதட்டும். கட்டியவர் ஏன் விழுந்தது என்று சொல்லி, ஏதாவது ஒன்றை மாற்றி, மறுபடி கட்ட வேண்டும்.

இசைவாணி பிய்த்து உதறினாள். விழும், டக்கென்று காரணம் சொல்வாள், மாற்றுவாள், மறுபடி விழும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அவள் வகுப்புப் பையன் சுதாகர்தான் எழுந்தான். "மிஸ், இவ வேணும்னே விழ வெக்கிறா. எல்லாத்தையும் வூட்லயே செஞ்சு பாத்துக்கினு வந்துருக்கா."

"தப்பு பண்ணாதான கைதட்டுறாங்க" என்றாள் இசைவாணி. "அதான் நல்லா பிராக்டீஸ் பண்ணேன்."

தப்பிலும் நூற்றுக்கு நூறு! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவ்வளவு யோசித்த நான் இதை யோசிக்கவில்லை.

"அப்போ நாங்க சொல்ற மாதிரி கட்டட்டும் மிஸ். விசிறி மடிப்பு. எத்தினி தாங்கும்னு மொதல்லயே சொல்லணும்" என்றான் சுதாகர்.

அவள் கை வயிற்றுக்குப் போனது. "இது எனக்குத் தெரியாது மிஸ்."

"யாருக்குமே தெரியாது. அதான் விளையாட்டு" என்றேன்.

"பதினஞ்சு" என்றாள். விசிறிபோல மடித்துப் பெஞ்சுகளுக்கு நடுவே வைத்தாள். மூன்றாவது மல்லாட்டைக்கே தொப்பென்று விழுந்தது.

வகுப்பு கைதட்டியது. அவள் கண் நிறைந்துவிட்டது. நாமே இந்தப் பிள்ளையைப் பள்ளியைவிட்டு விரட்டிவிட்டோமோ என்று நான் பயந்தேன்.

இசைவாணி தாளை எடுத்தாள். ஒரு பக்கம் இழுத்தால் விரிந்தது. மறுபக்கம் வளைத்தால் வளையவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மடிப்பு குறுக்கால இருந்துது. பெஞ்சுக்கு பெஞ்சு ஓடணும்" என்றாள். புதுத் தாளை நீளவாக்கில் மடித்தாள்.

இந்த முறை பதினைந்தைத் தாண்டியது. பெல் அடித்தும் ஒருத்தரும் நகரவில்லை. பாலம் லேசாகத் தொய்ந்ததும் பிள்ளைகள் ஆசையாகக் கைதட்டத் தொடங்கினார்கள்.

"தட்டாதீங்க, பெஞ்சு ஆடுது" என்று அதட்டினாள்.

வாசலில் லூர்துமேரி நின்றாள். "ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்."

இசைவாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மல்லாட்டையை எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"இரும்மா. இது எப்போ வுழும்னு எனக்கே தெரியல."