ஈசானிய மூலைத் தண்ணீர்

கே.கே. நகர் தாண்டிப் போட்ட அந்த மனைப்பிரிவில் எல்லா வீட்டுக்கும் போர்வெல் வடகிழக்கே ஈசானிய மூலையில், செப்டிக் டேங்க் வடமேற்கே வாயு மூலையில். லூர்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். இருந்தாலும் எதற்கு வம்பு என்று அவரும் வாஸ்துப்படியே கட்டினார். வரிசையாக வீடுகள் வந்த பிறகு, அவருடைய ஈசானிய போரும் கிழக்கு வீட்டுத் தாயுமானவனின் வாயு மூலை டேங்கும் ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

நலச்சங்கத் தலைவரான தாயுமானவனுக்கு அந்த டேங்கில் தனிப் பெருமை. "பன்னெண்டு வருஷம் ஆச்சு லூர்து, ஒரு தடவை லாரியக் கூப்பிட்டதில்ல. ராசியான டேங்க்கு!"

லூர்துவின் மகள் ஜாஸ்லினுக்கு அப்போது இரண்டரை மாதம். தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. போர்த் தண்ணீரை நாலு லிட்டர் வைத்து, இரண்டு லிட்டராகச் சுண்டும் வரை தானே நின்று காய்ச்சுவார். "ஒரு கிருமி தப்பாது," என்பார் மனைவி ஃபெமினாவிடம்.

கிருமி தப்பவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றது போலிருந்தது. அழவும் தெம்பில்லை. புத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசியில் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பால் எந்தத் தண்ணியில கலக்குறீங்க?"

"போர் தண்ணிங்க. ஆனா பாதியா சுண்டக் காய்ச்சித்தான்..."

"பாதியாவா?" அவர் லூர்துவைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. அதுதான் கொடுமை.

நீல மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இரண்டு நாளில் ஜாஸ்லின் சிவந்தாள், கத்தினாள், வார்டையே எழுப்பினாள்.

ஃபெமினாவின் தம்பி ஜோஸ்வின் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். பாட்டிலோடு வந்து போர்த் தண்ணீரை எடுத்துப்போனவன் தாளோடு திரும்பினான்.

"மச்சான், நைட்ரேட் நூத்திப்பத்து. நாப்பத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. நீங்க காய்ச்சினது அதுல ரெண்டு மடங்கு."

"காய்ச்சினா போயிடாதா?"

"தண்ணிதான் ஆவியா போகும். உப்பு போகுமா? அதுமாதிரி இதுவும் சட்டியிலயே நிக்கும். நிறமில்ல, வாடையில்ல, ருசியில்ல. பச்சக் குழந்தை வயித்துல நைட்ரைட்டா மாறி, ரத்தத்த ஆக்சிஜன் சுமக்க விடாது."

"எங்கிருந்துடா வந்துச்சு?"

ஜோஸ்வின் மதிலைக் காட்டினான். "லாரியே கூப்பிடாத டேங்க்குன்னா என்ன அர்த்தம்? டேங்க்குக்கு அடியில தளமே போடல. கழிவு நேரா மண்ணுக்குள்ள இறங்குது, மண்ணுல இருக்குற பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்துது. அதுக்கும் கிழக்க மேட்டு வயல்ல வருஷக்கணக்கா கொட்டின யூரியா. பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோட இறங்கிடும். மண்ணு இத பிடிச்சு வைக்காது மச்சான். தண்ணி போற பக்கமெல்லாம், புகை காத்துல இழுபடுற மாதிரி, நீளமா போகும். இங்க நிலத்தடித் தண்ணி மேக்க ஏரிப்பக்கம் சரியுது. நடுவுல உங்க மோட்டார் வேற தினம் இழுக்குது."

"நிறுத்திட்டா?"

"உங்களத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும். டேங்க்க இன்னிக்கே மாத்தினாலும் கீழ இருக்குறது தெளிய வருஷங்கள் ஆகும்."

லூர்து தாளை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனார். தாயுமானவன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார்.

"குழந்தை பொழைச்சிடுச்சுல்ல?"

"பொழைச்சிடுச்சு சார்."

"அப்புறம் என்ன? இது வெளிய போனா இங்க ஒரு மனை விக்காது. உங்க வீடும்தான்." உறுப்பினர்கள் பதினேழு பேர் தலையாட்டினார்கள். தாளைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தையும் பதிவேட்டில் சேர்க்காமல், வடை சாப்பிட்டார்கள். லூர்துவுக்கும் ஒன்று வந்தது.

குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். ஒவ்வொரு புட்டிக்கும் ஃபெமினா கேனின் மூடியை மூன்று முறை தடவிப் பார்த்தாள். நாலாவது நாள், "இந்த வீட்டுல எம்புள்ள இருக்காது," என்றாள். விற்பனைக்குப் போட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் பிரதீப்பும் சித்ராதேவியும் பார்க்க வந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். மாடி, சமையலறை, கார் நிறுத்த இடம் எல்லாம் பிடித்துப்போயிற்று.

"தண்ணி எப்படிங்க?" என்றார் பிரதீப்.

லூர்துவுக்குத் தொண்டை வரை எல்லாம் வந்தது: நூற்றுப்பத்து, டேங்க், யூரியா. அறையில் ஜாஸ்லின் கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது. வந்ததெல்லாம் அப்படியே இறங்கிவிட்டது.

"வத்தினதே இல்லீங்க," என்றார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"குடிக்கக் கொஞ்சம் கிடைக்குமா? வெயிலு தாங்கல," என்றாள் சித்ராதேவி.

லூர்து அசையவில்லை. அலமாரியில் கேன் இருந்தது, குழாயும் இருந்தது. ஃபெமினா குழந்தையைத் தோளில் சாய்த்தபடி எழுந்துபோய், குழாயில் ஒரு செம்பு பிடித்துக் கொண்டுவந்தாள். பெரியவர்களுக்கு ஒரு செம்பில் ஒன்றும் ஆகாது. அவளுக்கு அது தெரியும்.

சித்ராதேவி அண்ணாந்து குடித்தாள். "நல்லாருக்குக்கா."

"மெதுவா குடிம்மா, புரை ஏறப்போகுது," என்ற ஃபெமினா, அவள் வயிற்றைப் பார்க்காமல், "எப்ப குடி வரீங்க?" என்று கேட்டாள்.