இத்தா வீட்டில் ஒரு கண்

மருதமுனைச் சபூறா புருஷனைக் கடலில் பறிகொடுத்து மூன்று மாதம். கணவனை இழந்தவள் என்பதால் நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். அவள் வாசல் தாண்டாமல் பார்த்துக்கொள்வதைத் தன் உத்தியோகமாகவே வைத்திருந்தார் அவளுடைய அண்ணன், மீராசாஹிபு காக்கா.

மகனுக்கு இப்போது ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் அவன் கண்கள் எப்போதாவது மூக்குப் பக்கம் கூடியபோது மருத்துவிச்சி நேசம்மா சிரித்தாள்.

“இந்த வயசில இடைக்கிடை இப்பிடி மாறும், பயப்படாத. நாலு மாசத்துக்குள்ள நேராகும். ஆகாட்டி, இல்லாட்டி எந்நேரமும் திரும்பியே நிண்டா, கண் டாக்குத்தர்தான் பார்க்கோணும்.”

இப்போது இடது கண் எந்நேரமும் உள்ளே திரும்பியே நின்றது. இன்று வந்த நேசம்மா சிரிக்கவில்லை. பால்குடிப் பிள்ளையை உடனே அவளே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“இத்தா முடியட்டும். மாறுகண் அதிர்ஷ்டம்தானே,” என்றார் காக்கா.

“வருத்தம் எண்டா இத்தாவிலயும் டாக்குத்தரிட்டப் போகலாம் எண்டு பள்ளிவாசல் லெப்பையே சொன்னாரே.”

“இது வருத்தமா? புள்ளைக்கு நோகுதா?”

சபூறா மகனை மடியில் இருத்தி இடது கண்ணைப் பொத்தினாள். அவன் மாமாவின் தாடியைப் பார்த்துச் சிரித்தான். வலது கண்ணைப் பொத்தினாள். சிரிப்பு நின்றது. தலையை உதறி, அவள் கையைப் பிறாண்டி அழுதான்.

“நோகல்ல காக்கா. இந்தக் கண்ணுக்கு எங்கட முகம் சரியாத் தெரியல்ல.”

மீராசாஹிபு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

“இன்னும் நாப்பது நாள்தானே.”

சபூறா கையை எடுத்தாள். பிள்ளை ஒரு கண்ணால் அந்தக் கதவைப் பார்த்தான். மற்றக் கண் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.