நாற்காலி மாறி உட்கார்ந்தபோது

மதிவதனியின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் அந்த மகளிர் ஆலோசனை மையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அடிபட்டு உதைபட்டு வருகிற பெண்களையும் சிரிக்க வைத்து அனுப்புகிறாளே என்று மெச்சிக்கொண்டார்கள். மெச்சினவர்களுக்கு என்ன தெரியும்! ஆடி மாதம் அவளிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாள். அதிலிருந்து, எதிரே உட்காருகிறவள் வாயைத் திறந்தாலே இவளுக்குப் பயம். அதனால் இவளே பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கணவன் அருள்குமார் ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன். அவன் சாதாரணமாக அடுப்படிக்குள் வந்தாலும் இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மகள் இனியா பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், தெருவில் வந்து நிற்பாள். அந்தப் பெண்கள் சொல்லி அழுத சூடும் அடியும் இவள் தூக்கத்துக்குள் புகுந்துகொண்டன.

புதன்கிழமைதோறும் தாஜுன்னிசா வருவார். மதிவதனியைப் போல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்களுக்கு மேற்பார்வையாளர். தப்புக் கண்டுபிடிக்க வருகிறவர் அல்ல. நாளெல்லாம் பிறர் துயரத்தைக் கேட்கிறவர்கள் தாங்கள் கேட்டதை இறக்கி வைக்கவும் ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கவுன்சிலரை, வந்து போனவளின் நாற்காலியில் உட்கார வைத்து அவளாகவே பேசச் சொல்வார். மதிவதனி ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள்.

"இப்ப வந்துட்டுப் போச்சே, அந்தப் புள்ளையாட்டப் பேசு கண்ணு. நாந்தான் நீயின்னு வெச்சுக்க."

அந்தப் புள்ளை பூவாத்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கட்டினவன் குடித்துவிட்டு அடிக்கிறான். மதிவதனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சற்று முன் கேட்டதை அப்படியே சொன்னாள்.

"புள்ளைய எங்கக்கா ஊட்டுல உட்டுப்போட்டு வந்தனுங்க. அவ நல்லாப் பாத்துக்குவா. இனி இங்க அலையற வேலை இல்லீங்க. உங்களை ஒருக்காப் பாத்துட்டுப் போயர்லாம்னு வந்தனுங்க."

"பூவாத்தா, செத்துப்போயர்லாம்னு நெனப்பு இருக்குதா?" என்று தாஜுன்னிசா நிதானமாகக் கேட்டார்.

"இருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் மதிவதனிக்கு உறைத்தது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் பூவாத்தாள் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அவள் சொன்னதுதான். அதற்கு இவள், "அப்ப எனக்கு லீவு உட்டாச்சுன்னு சொல்லு!" என்று சிரித்திருந்தாள். தாஜுன்னிசாவிடம் அதையும் சொன்னாள்.

தாஜுன்னிசா உடனே எழுந்துவிட்டார். பூவாத்தாளின் அக்காவுக்குத் தகவல் சொல்ல ஆபீசில் ஆளை வைத்துவிட்டு, அவள் ஊருக்குப் பஸ் ஏறுமுன் பிடிக்க ஆட்டோவில் கிளம்பினார்கள். வழியெல்லாம் மதிவதனி பிதற்றினாள்.

"ஆடியில செத்தவகிட்டயும் நான் இதைக் கேட்டனுங்கக்கா. இல்லைன்னா. மூணாம் நாளு போயிட்டா. நாங் கேட்டதுனாலதான் அவளுக்கு அந்த நெனப்பே வந்துச்சு."

"கேக்கறதுனால வராது கண்ணு. உள்ள இருந்தா வெளிய வரத்தான் அது வழி. இதை இத்தனை நாளா நீ ஒருத்தியே சொமந்தயா?"

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. கடைசி சீட்டில் பூவாத்தாள் தனியே இருந்தாள். மதிவதனி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு பரபரத்தது. ஆனாலும் தாஜுன்னிசா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், தாழ்ந்த குரலில், சுற்றி வளைக்காமல்.

பூவாத்தாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "பூச்சிமருந்து வாங்கி ஊட்டுல வெச்சிருக்கறனுங்க" என்றாள். கண்டக்டர் விசிலடிக்குமுன் இருவரும் இறங்கினார்கள்.

மையத்துக்குத் திரும்பியதும் ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. அக்காவே வந்து கூட்டிப்போவாள், மருந்தை அப்புறப்படுத்துவாள், பூவாத்தாளை ஒரு நொடியும் தனியே விடமாட்டாள், நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர். பூவாத்தாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, தாஜுன்னிசா மதிவதனியை வராந்தாவுக்கு அழைத்தார்.

"இனி இந்தப் புள்ளைய நான் பாக்கறேன். நீ ரெண்டு வாரம் லீவு போடு. வந்தப்பறமும் அடிதடி கேஸை அடுத்தடுத்து எடுக்க வேண்டாம். தூக்கத்துக்கு டாக்டரைப் பாரு. ஊட்டுக்காரர்கிட்ட, எனக்குப் பயமா இருக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லு. வாராவாரம் எங்கிட்ட வந்து அழுவு."

"தண்டனைங்களாக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவளை மட்டும் எங்கிட்டிருந்து எடுத்தராதீங்க."

வாசல்படியில் வந்து நின்ற பூவாத்தாள் மதிவதனியைப் பார்த்துச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. போன வாரமே சொல்லோணும்னுதான் வந்தனுங்க. நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்க, கையி மட்டும் நடுங்கிட்டே இருந்துச்சு. உங்களுக்கே தாங்க முடியலையாட்ட இருக்குது, இதுல என்ற பாரத்தையும் எதுக்கு ஏத்தறதுன்னு சொல்லாமயே போயிட்டனுங்க."

மதிவதனி கையைப் பார்த்தாள். இப்போதும் நடுங்கியது. சிரித்து மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. மையமே கேட்கும்படி அழுதாள்.

"லீவு எழுதித் தாரனுங்கக்கா" என்று தாஜுன்னிசாவிடம் சொன்னாள்.