ஊன்றிப் படித்த கைநாட்டு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. திருவாரூரில் இருபத்திரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது வியாதி இல்லை, வேலை.

அந்தப் புதன்கிழமை காலை, தையல்நாயகி சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய வாக்குமூலம், அபிடவிட், டைப்படித்து வந்தது. அவள் புருஷன் முப்பது வருஷம் குத்தகைக்கு உழுத மூன்று மா நிலம் அது. கழக ஆட்சியில் குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தும், பெயர் ஏறுவதற்குள் புருஷன் செத்துப்போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நிலத்துக்காரரான பண்ணையாரின் ஆட்கள் ஒரு காகிதத்தை நீட்டி அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். நிலத்தைச் சம்மதித்து ஒப்படைத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. அதைக் காட்டியே கீழே எல்லா இடத்திலும் அவளைத் தோற்கடித்துவிட்டார்கள். இனி ஐகோர்ட் தடையுத்தரவு கொடுத்தால்தான் இந்தச் சம்பாவுக்கு அவள் வயலில் இறங்க முடியும். வழக்குக் கட்டு அன்று சாயங்கால ரயிலில் மெட்ராஸ் போக வேண்டும்.

ஐகோர்ட்டுக்குப் போவதால் அபிடவிட் இங்கிலீஷில் இருந்தது. வக்கீல் ஐயா கைப்பட எழுதிய நகலைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று வார்த்தை மாறியிருந்தது.

நிலத்தை 'யூஸ்' பண்ணினோம் என்று ஐயா எழுதிய இடத்தில் 'யூட்டிலைஸ்' என்று இருந்தது. கிடக்கிற ஒன்றை நம் காரியத்துக்குத் தோதாக எடுத்துக்கொண்டோம் என்கிற வாடை அதில் அடிக்கும். பண்ணையார் சொல்வதும் அதுதானே, குத்தகையெல்லாம் இல்லை, சும்மா கிடந்த நிலத்தில் புகுந்தார்கள் என்று. வருஷா வருஷம் ரசீது 'ஆஸ்க்' பண்ணினேன் என்றது 'என்கொயர்' ஆகியிருந்தது. கொடு என்று கேட்டவள், ரசீது உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனவளாகிவிட்டாள். மூன்றாவதுதான் தலையில் கல்லைப் போட்டது. அந்தக் காகிதத்தைப் பார்த்தேன், ரேகை வைத்தேன் என்று ஐயா எழுதியிருந்தார். இங்கே 'பெரூஸ்' என்று இருந்தது. ஒரு எழுத்து விடாமல் ஊன்றிப் படித்தேன் என்று அர்த்தம். ஊன்றிப் படித்துவிட்டு ரேகை வைத்தவளுக்கு எந்த ஜட்ஜ் தடையுத்தரவு கொடுப்பார்?

மூன்று வார்த்தையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது கைப்பிசகு இல்லை. டைப் அடித்த இராஜாங்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் கட்டடம் பண்ணையாரின் மச்சானுடையது. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த தையல்நாயகியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கீழவீதியிலிருந்த அவன் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்தேன்.

"எவ்வளவு கொடுத்தாங்க?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"யாரு சார்?" என்றான் இராஜாங்கம்.

காகிதத்தை மிஷின் மேல் போட்டு மூன்று வார்த்தையையும் தொட்டுக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தான். ஒரு வார்த்தைக்கு அதே அர்த்தத்தில் பத்து வார்த்தை கொடுக்கிற புத்தகம். அட்டை போட்டு, குங்குமப் பொட்டும் வைத்திருந்தான்.

"உங்க ஐயா பள்ளிக்கூடப் பையன் மாதிரி யூஸு, லுக்குன்னு எழுதியிருந்தாரு சார். ஐகோர்ட்டுக்குப் போறது. அந்தம்மா பாவம். நானா பாத்துப் பாத்து மாத்துனேன். கூலிகூட வேண்டாம்னுட்டேன்."

கூலி வேண்டாம் என்றதும் சந்தேகம் எனக்கு இரட்டிப்பானது.

"பத்து வார்த்தையும் ஒரே அர்த்தம்னா பத்து எதுக்குய்யா? ஒண்ணு போதாதா?" என்று கத்திவிட்டு, அவனையும் புத்தகத்தையும் சேர்த்து ஆபீசுக்கு இழுத்து வந்தேன். அடிக்க ஆள் இல்லாமல் கிடந்த எங்கள் மிஷினில், என் கண் முன்னாலேயே அடிக்கட்டும் என்று எண்ணம்.

ஆபீசுக்கு வந்ததும் சிவப்பு மையில் மூன்றையும் கோடு போட்டு அடித்தேன். 'யூட்டிலைஸ்' இருந்த இடத்தில் பயிர் செய்தோம் என்பதற்கான வார்த்தையையே போட்டேன். ஐயாவின் வார்த்தையைவிட அது கெட்டி. மற்ற இரண்டிலும் ஐயா எழுதியதையே திரும்ப வைத்தேன். தையல்நாயகி எழுந்து வந்து மேஜையருகே நின்றாள்.

"எதுக்கு அடிக்கிறீங்க?"

"பெரிய வார்த்தையா இருக்கு. சின்னதாக்குறேன்."

"பெருசா இருந்தா நல்லதுதானேங்க. என்னுதை மட்டும் ஏன் சின்னதாக்குறீங்க?" அவள் குரல் உயரவில்லை. "பண்ணையில சொல்லி விட்டாங்களா?"

எனக்குச் சுரீரென்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் இராஜாங்கத்திடம் கேட்ட கேள்விதான் அது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சாயங்காலம் ரயில் போயிடும். டைப் அடிச்சதும் ரேகையை வச்சுட்டு வீட்டுக்குப் போ" என்றேன்.

"வைக்க மாட்டேன். அடியில என்னமோ ஒரு வரி தனியா இருக்கே, அது என்ன?"

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைக்கிற அபிடவிட்டில் எல்லாம் இருக்கிற வரி அது. எத்தனை நூறு கட்டுகளில் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வரியைப் படித்துப் பார்த்த ஞாபகமில்லை.

"இதுல உள்ளதையெல்லாம் உனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டி, நீ புரிஞ்சுக்கிட்டு ரேகை வச்சேன்னு போட்டிருக்கு."

"யாரு படிச்சுக் காட்டுனா?"

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"அந்தக் காயிதத்துலயும் இப்படி இருந்துச்சா?"

இருந்தது. படித்துக் கேட்டு ஒப்புக்கொண்டேன் என்று பண்ணைக் காரியஸ்தர் எழுதியிருந்த வரியை நானே நகல் எடுத்திருந்தேன். எடுக்கும்போது அயோக்கியன் என்று திட்டியதும் ஞாபகம் இருந்தது. "இருந்துச்சு" என்றேன். அவமானமாக இருந்தது.

அவள் இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க படிங்க, தம்பி. அவரு திருத்துனதை இல்ல. முன்னாடி நீங்க போட்டதை."

அவன் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. ரசீது வரிக்கு வந்ததும், "ரசீது பத்தி விசாரிச்சேன்" என்றான்.

"விசாரிக்கிறதா? குடுங்கன்னு வாசல்ல நின்னேனே" என்றாள் அவள்.

அவன் குரல் இறங்கியது. அடுத்த பத்தியில், "அந்தக் காகிதத்தை நான் ஊன்றிப் படி..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். கதிர் அரிவாள் பிடித்துக் காய்த்த அவள் கட்டைவிரலைப் பார்த்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி" என்றாள் அவள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷம்தான் என் சந்தேகம் செத்தது. காசு வாங்கியவனுக்கு அந்த முகம் வராது. புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மிஷினில் புதுக் காகிதமும் கார்பனும் செருகினான். அந்தக் காகிதத்தை யாரும் படித்துக் காட்டவில்லை என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். ஐந்து பக்கத்தையும் முதலிலிருந்து அடித்தான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

இந்தத் தடவை நான் அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். முழுவதும், ஒரு வரி விடாமல், நின்றுகொண்டு. 'அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. ரேகை வைத்தேன்' என்ற இடத்தில் அவள் தலையாட்டினாள்.

மை தடவிய விரலை அவள் உடனே வைக்கவில்லை. அந்தக் கடைசி வரியின் மேல், மை படாமல், ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப இது நிசந்தானேங்க?"

"நிசம்தாம்மா" என்றேன். அவள் வைத்தாள்.

அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வரிக்கு அடியில் நான் போட்ட முதல் உண்மையான கையெழுத்து அது.