பீரோவுக்குப் பின்னால் இருந்த ரௌட்டர்

வீட்டுக்காரரிடம் வாயால் எதையும் கேட்க முடியாது. குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்: "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நான் மறந்துடுவேன், அப்புறம் நீங்க கோவிச்சுக்குவீங்க." நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். தேதியும் கையெழுத்தும் இல்லாத எந்தச் சங்கதியும் அவருக்கு நடக்காத சங்கதி. குழாய் ஒழுகினாலும் கடிதம்தான், பல்பு போனாலும் கடிதம்தான். போடுவதற்கென்று கீழ்க்கதவில் ஒரு தகரப்பெட்டி மாட்டியிருந்தார்.

மாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தவர், கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் பொருத்துகிறவர். கண்ணாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வயது நாற்பத்து மூன்று. மனைவியைப் பிரிந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. பத்து வயது மகள் அம்மாவோடு வேறொரு ஊரில். மாதத்தில் ஒரு ஞாயிறு நேரில் போய்ப் பார்க்கலாம். மற்றபடி புதனும் சனியும் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை வீடியோவில் பேசலாம். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு அது. ஆறு முப்பத்தொன்றுக்கு அங்கே போனை வைத்துவிடுவார்கள்.

அந்த அரைமணிதான் அவருடைய வாரம். கடையில் நாள் முழுக்க அந்நியர்களின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுவிட்டு வந்து, புதன்கிழமை அவசர அவசரமாக முகம் கழுவி, தலைவாரி, சட்டை மாற்றி, மேசைமுன் உட்காருவார். வாடகையோடு சேர்த்து வைஃபை தருவதாகப் பேச்சு. தரத்தான் செய்தார்கள். ஆனால் மகளின் முகம் திரையில் வந்ததும் கட்டம் கட்டமாக உடையும். வாய் அசையும், குரல் வராது. குரல் வரும்போது முகம் கண்ணை மூடினபடி உறைந்திருக்கும். "அப்பா, கட்டாகுது." "இப்பக் கேக்குதாம்மா?" "கட்டாகுதுப்பா." இப்படியே அரைமணி கரைந்துவிடும். போன் டேட்டாவில் பேசலாம் என்றால் அந்த அறைக்குள் டவர் எட்டவில்லை. தெருமுனைக்குப் போய் ஒருமுறை பேசினார். லாரி போகிற சத்தத்தில் மகள் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை முப்பது நிமிடத்தில் பதினோரு தடவை கட்டானது. அன்றைக்கே பேனாவை எடுத்தார்.

முதல் கடிதத்தில் மகளைப் பற்றி எழுதினார். படித்துப் பார்த்தபோது யாரிடமோ கையேந்துவது போலிருந்தது. கிழித்தார். இரண்டாவதில் கோபம் தூக்கலாக இருந்தது. அதையும் கிழித்தார். மூன்றாவது இப்படி வந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, மாடி அறையில் இணைய இணைப்பு மிகவும் பலவீனமாக உள்ளது. வேலை நிமித்தம் எனக்கு வீடியோ அழைப்புகள் அவசியமாகின்றன. தாங்கள் தயவுசெய்து ரௌட்டரை மாடிப்படிக்கு அருகில் மாற்றி வைக்கவோ, அல்லது இப்போதுள்ள பிராட்பேண்ட் திட்டத்தை உயர்த்தவோ ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் செலவில் என் பங்கைத் தரத் தயார். இப்படிக்கு, மாடியில் குடியிருப்பவர்."

வேலை நிமித்தம் என்பது பொய். ஆனால் வேலை என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மகள் என்று எழுதினால் நாலு கேள்வி வரும். பெட்டியில் போட்டார்.

புதன் வந்தது, கட்டானது. சனி வந்தது, கட்டானது. கீழே இருந்து ஒரு வார்த்தை இல்லை. படியில் எதிரே பார்த்தால் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். 'கல்லுளிமங்கன்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார் கண்ணாடிக்காரர்.

பத்தாம் நாள் கதவிடுக்கில் பதில் கிடந்தது. நேர்கோடு போட்ட தாளில் குண்டு குண்டாக நாலு வரி. "தங்கள் கடிதம் கண்டு, அதற்கு மறுநாளே திட்டத்தின் வேகத்தை நூறு எம்.பி.பி.எஸ்ஸிலிருந்து இருநூறாக உயர்த்தியாயிற்று. கூடுதல் தொகை தர வேண்டாம். ரௌட்டரை இடம் மாற்ற இயலாது. காரணம் உண்டு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். காரணம் பின்பக்கமும் இல்லை. மறுநாளே உயர்த்தியிருந்தால் சனிக்கிழமையும் ஏன் கட்டானது? போனில் வேகம் பார்க்கும் செயலியைத் திறந்து சோதித்தார். மேசையருகே இரண்டு. கதவருகே மூன்று. இருநூறு எங்கே, இரண்டு எங்கே! படியிறங்கிக்கொண்டே பார்த்தார். பாதிப்படியில் பதினொன்று. கடைசிப்படியில் முப்பது. சரிதான், குறை திட்டத்தில் இல்லை, தூரத்தில்தான் என்று புரிந்தது. முதன்முறையாகக் கடிதம் எழுதாமல் கதவைத் தட்டினார்.

வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டபடி திறந்தார்.

"எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"எழுத்துல காட்ட முடியாது சார். இத கொஞ்சம் பாருங்க." போனை நீட்டினார். "நீங்க இருநூறு வாங்கி வெச்சிருக்கீங்க. மேல வந்து சேர்றது ரெண்டு. டேங்க்கப் பெருசாக்கிட்டீங்க, தண்ணி மாடிக்கு ஏறவே இல்ல. உங்களுக்கு வீண் செலவு சார்."

அளந்த எண் என்றதும் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நாலு இடத்து அளவையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு உள்ளே நடந்தார். கண்ணாடிக்காரரும் பின்னாலேயே போனார்.

வீட்டின் கடைக்கோடி அறை. சுவரோரமாக ஆளுயர இரும்பு பீரோ. அதற்குப் பின்னால் ஒரு பலகையில் ரௌட்டரின் பச்சை விளக்குகள். பீரோவுக்கு இந்தப் பக்கம் மேசை, மேசைமேல் தாங்கியில் ஒரு டேப்லெட். அதன் முன்னால் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்து இரண்டு கையாலும் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் நாலு கட்டத்தில் நாலு பேர், எல்லோரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் எதையோ சொல்ல, மற்ற மூவரும் இந்த அம்மாளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"என் தங்கச்சி," என்றார் வீட்டுக்காரர். "பொறந்ததுலேருந்தே காது கேக்காது. அதுங்கள்லாம் அவகூட ஸ்கூல்ல படிச்சதுங்க. இந்தத் தெருவுல அவகிட்டப் பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது. எனக்கே அவ சொல்றதுல பாதிதான் புரியும்." திரையைக் காட்டினார். "கை பேச்சு பாருங்க, படம் ஒரு நொடி நின்னாலும் ஒரு வார்த்தை போயிடும். முன்னாடி ரௌட்டர ஹால்ல வெச்சிருந்தோம். அப்ப இங்க கட்டாகிக் கட்டாகி, அவ டேப்லெட்ட மூடி வெச்சுட்டு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பா. ஆள் வந்து இங்க மாத்திக் குடுத்தான். அதத் தொடவே மாட்டேன்."

"இத எழுதியிருக்கலாமே சார்."

"வீட்டு விஷயத்தப் போயி எப்படி எழுதறது?"

கண்ணாடிக்காரருக்குத் தான் கிழித்த முதல் கடிதம் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாள் அதற்குள் திரும்பி இருவரையும் பார்த்துவிட்டார். அண்ணனிடம் கையால் ஏதோ கேட்டார். அவர் மாடியைக் காட்டி, பீரோவைக் காட்டி, தடுமாறித் தடுமாறி ஏதோ சொன்னார். அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. மேசையிலிருந்த நோட்டை இழுத்து எழுதி, கண்ணாடிக்காரர் கையிலேயே கொடுத்தார். 'யாரோட பேச?'

பேனா கையில் இருந்தது. பொய் எழுத இரண்டே சொல் போதும். அவர் எழுதினார்: 'மகள். வாரம் ரெண்டு நாள். அரைமணி.'

அம்மாள் படித்தார். நோட்டை அண்ணனிடம் நீட்டினார். வீட்டுக்காரர் அதைப் படித்தார். "வேலைன்னு எழுதியிருந்தீங்க," என்று மட்டும் சொன்னார். அம்மாள் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போன் போல் கையைக் காதில் வைத்துக் காட்டினார். ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். அது கண்ணாடிக்காரருக்கும் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் இணைப்புக் கம்பெனி ஆள் வந்தார். ரௌட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத யாருங்க நகத்தச் சொன்னது? ஃபைபர் வந்து சேர்ற இடம் இதான், இங்கயே இருக்கட்டும். இதுலேருந்து ஒரு கேபிள் எடுத்து, ஜன்னல் வழியா வெளிய விட்டு, தண்ணிக் குழாயோரமா மாடிக்கு ஏத்தி, அங்க இன்னொரு ரௌட்டர் மாட்டினா முடிஞ்சுது. வைஃபைக்கு இரும்பு பீரோவும் கான்கிரீட்டும் ஆகாது. கேபிளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. பிளான் பழைய நூறே தாராளம்."

"அப்ப நான் இருநூறு ஆக்கினது?"

"எங்க கம்பெனிக்கு லாபம் சார்."

வீட்டுக்காரர் கேபிளின் நீளத்தைத் தானே டேப் வைத்து அளந்தார். பதினெட்டு மீட்டர் என்றார் ஆள். பதினாறேமுக்கால் என்றார் இவர். கடைசியில் பதினெட்டுதான் தேவைப்பட்டது, வளைவுகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ரௌட்டர் வாங்கிய காசைக் கண்ணாடிக்காரர் கொடுத்தார். திட்டத்தைப் பழையபடி இறக்கச் சொல்லி அன்றைக்கே வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

மறுநாள் புதன். ஐந்தே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டார். மேசையருகே தொண்ணூற்று நாலு காட்டியது. ஆறு மணிக்கு மகள் வந்தாள்.

எவ்வளவு தெளிவு! புருவத்துக்குமேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. எப்போது விழுந்தாள்? யாரும் சொல்லவில்லை. தலைமுடியை வேறு மாதிரி வகிடெடுத்திருந்தாள்.

"அப்பா, கேக்குதா?"

"நல்லா கேக்குதும்மா. உனக்கு?"

"நல்லா கேக்குது."

தழும்பைக் கேட்டார். "சைக்கிள்ல விழுந்தேன், போன மாசம்," என்றாள். பள்ளிக்கூடத்தைக் கேட்டார். "நல்லாருக்கு." சாப்பிட்டாயா என்றார். "சாப்ட்டேன்." மணி ஆறு எட்டு. அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். இத்தனை மாதமாகப் பேச விடாமல் தடுத்தது சிக்னல்தான் என்று நம்பியிருந்தார். இப்போது சிக்னல் முழுசாக இருக்கிறது. அவள் கண் இடப்பக்கமாக எதையோ பார்த்துவிட்டுத் திரும்புவதுகூடத் தெரிகிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவளுடைய தோழிகளின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. என்ன கேட்பது?

"அங்க என்னம்மா பாக்கற?"

அவள் உதட்டைக் கடித்தாள். "ஹோம்வொர்க். முன்னாடியெல்லாம் கட்டாகறப்ப பண்ணிடுவேன். இப்ப கட்டாகவே மாட்டேங்குது."

வலித்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

"சரி, பண்ணு. நான் இங்கயே இருக்கேன்."

"பேசாமயா?"

"பேசாமத்தான். போன மட்டும் வெச்சுடாத."

அவள் நோட்டை இழுத்துக் குனிந்துகொண்டாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோணல் வகிடும், நெற்றியும், அசைகிற பென்சிலும்தான். பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. இந்தப் பக்கம் ஒற்றை அறை, ஒரு கட்டில், கொடியில் காயும் ஒரே சட்டை. அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறு இருபதுக்கு அவள் தலைநிமிராமலே கேட்டாள்: "ஏழெட்டு எவ்வளவுப்பா?"

"அம்பத்தாறு."

எழுதிக்கொண்டாள். ஆறரைக்கு உள்ளிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டாள். "சனிக்கிழமை சயின்ஸ் ஹோம்வொர்க் இருக்கு," என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள். கருத்த திரையில் தன் முகம் தெரிந்ததும் அவர் எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.